வாட்ஸ்அப் மணிக்கும் ரிட்டர்ன் தேதிக்கும் நடுவில்: கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி டவுனிலோ ஜிஎஸ்டி பார்த்துக் கொடுக்கும் சின்ன அலுவலகங்களுக்கு இன்று வேலை வந்து சேரும் வாசல் வாட்ஸ்அப்தான். வள்ளியூர் ஹார்டுவேர் கடைக்காரர் பில்லைப் படம் பிடித்துப் போடுவார். அம்பாசமுத்திரம் அரிசிக் கடையிலிருந்து பேங்க் ஸ்டேட்மெண்ட் வரும். மேலப்பாளையத்து ஜவுளிக்கடைத் தம்பி, "அக்கா, இந்த மாசம் டாக்ஸ் எவ்ளோ வரும்?" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். பிள்ளையின் பள்ளிக்கூட குரூப்பும், ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிக்கும் குரூப்பும், காலை வணக்கப் பூக்களும் அதே இடத்தில்தான் வந்து விழுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மணி. போதாக்குறைக்கு மெயில், எஸ்எம்எஸ், பேங்க் செயலிகள்.

மாலையில் கம்ப்யூட்டரை அணைக்கும்போது, நாள் முழுக்க ஓடியும் ஏதோ பாக்கி இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் போகாது. என்ன பாக்கி என்று கேட்டால் சொல்லவும் தெரியாது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கான படிகள் இவை. கணக்குப் பார்க்கும் வேலையை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் கடைசித் தேதிகள் கறாராக இருக்கின்றன.

மணி அடிக்கும்போது என்ன போகிறது

10-ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஹார்டுவேர் கடையின் விற்பனை பில்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பில்லுக்கும் வாங்கியவரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை. பில்லைப் பார்த்து, பட்டியலில் வாங்கியவரைத் தேர்வு செய்யப் போகும் நேரத்தில் மணி அடிக்கிறது. ஒரு பார்வைதான்; பதில்கூடப் போடவில்லை. திரும்பி வந்து, பட்டியலில் அடுத்த வரியில் இருக்கும் வேறு கடையைத் தேர்வு செய்துவிடுகிறார்.

எண்ணைத் தப்பாகத் தட்டியிருந்தால் பெரும்பாலும் போர்ட்டலே பிடித்துவிடும். அந்த 15-இல் கடைசி எழுத்து, மற்ற 14-ஐயும் சரிபார்ப்பதற்காக வைத்தது. ஆனால் இது சரியான எண். ஆள் மட்டும்தான் வேறு. போர்ட்டல் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். 14-ஆம் தேதி, கொள்முதல் பில்களைக் காட்டும் 2பி வந்த பிறகு, உண்மையில் சரக்கு வாங்கியவர் தன் கணக்கில் அந்த பில் இல்லை என்று ஹார்டுவேர் கடைக்காரரைப் பிடிப்பார். அவர் உங்களைப் பிடிப்பார். ஆளை மாற்றிப் போட்டதை அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல்தான் திருத்த முடியும். அதுவரை "என்னக்கா ஆச்சு?" என்று வரும் மெசேஜ் ஒவ்வொன்றும் இன்னொரு மணி. அன்றைக்கு ஒரு பார்வை பார்த்ததற்கு விலை ஒரு மாதத்துத் தொந்தரவு.

போனை எடுக்காமல் சத்தத்தை மட்டும் கேட்டால்கூடக் கவனம் கெடும் என்று 2015-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை காட்டியது. கவனம் தேவைப்படும் வேலையில் இருந்தவர்களுக்கு அழைப்பு அல்லது மெசேஜ் சத்தம் வந்தபோது, அவர்கள் அதைத் தொடாமலே தவறுகள் கூடின. "நான்தான் பார்க்கிறதே இல்லையே" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மெசேஜ் யாருடையது, எதற்காக என்று மனம் ஓடத் தொடங்கிவிடுகிறது. கைக்கு அதில் வேலையே இல்லை.

முதல் படி: ஒரு சாதாரண நாளை அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நாளைப் பழையபடியே விடுங்கள். 11, 20 போன்ற கடைசித் தேதிகளை ஒட்டி வேண்டாம். மாதத்தின் சாதுவான நாள் ஒன்று போதும். ஆண்ட்ராய்டு போனில் `Settings` போய் `Digital Wellbeing` திறந்தால், எந்தச் செயலி எத்தனை அறிவிப்பு அனுப்பியது, போனை எத்தனை முறை திறந்தீர்கள் என்று தனித்தனியாகக் காட்டும். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அறிவிப்பு எண்ணிக்கை மற்றவர்கள் உங்களுக்குச் செய்வது. திறந்த எண்ணிக்கை நீங்களே உங்களுக்குச் செய்வது. இந்த வித்தியாசம் கடைசியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: எது எவ்வளவு நேரம் தாங்கும்?

வந்த மெசேஜ் முக்கியமா இல்லையா என்று கேட்காதீர்கள். எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் யாருக்காவது நஷ்டம் வருமா என்று கேளுங்கள். அன்றைக்கு வந்தவற்றை ஒவ்வொன்றாக இந்தக் கேள்விக்குள் விட்டுப் பாருங்கள்.

பில் படங்கள் நாள் கணக்கில் தாங்கும். டாக்ஸ் எவ்வளவு என்ற கேள்வியும் அப்படியே. 20-ஆம் தேதிக்குக் கட்ட வேண்டியதை 8-ஆம் தேதி காலை பத்தே முக்காலுக்குச் சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. துறையிலிருந்து மெயிலில் வரும் நோட்டீஸ்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் கெடுவைப் பாருங்கள்: பதிவை ரத்து செய்வதற்கான நோட்டீஸுக்கே பதில் சொல்ல 7 வேலை நாள் தருகிறார்கள். ரிட்டர்னில் வித்தியாசம் கேட்டு வரும் ஏஎஸ்எம்டி-10-க்கு 30 நாள் வரை உண்டு. மெயிலுக்கு மணியே தேவையில்லை என்பது என் முடிந்த முடிவு.

இரண்டு மணி நேரம் தாங்காதவை என்று பார்த்தால் மூன்றே மிஞ்சும். ஒன்று, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரும் ஓடிபி. இரண்டு, ஏதாவது அதிகாரி கடைக்கே வந்து நிற்பது, அல்லது சரக்கு வண்டியை வழியில் நிறுத்தி இ-வே பில் கேட்பது. மூன்று, வீட்டில் உடம்புக்கு முடியாமல் போவது, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுவது.

மூன்றாம் படி: அவசரத்துக்குப் பேச்சு மட்டும்

அந்த மூன்றுக்கும் பொதுவான குணம், அவை எல்லாமே போன் பேசித் தீர்க்க வேண்டியவை. வண்டியைப் பிடித்துவிட்டார்கள் என்று யாரும் மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே அழைப்புக்கு மட்டும் மணி, எழுத்துக்கு மணி இல்லை என்று ஒரே கோடாகப் போட்டுவிடலாம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. தாக்கலுக்கான ஓடிபி வாடிக்கையாளரின் போனுக்கும் மெயிலுக்கும் போகும். அவர் அதை வாட்ஸ்அப்பில் போடுவார் என்று நாம் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவோம். ஓடிபி வருவதற்குள் கண்ணில் வேறு நாலு மெசேஜ் பட்டுவிடும், அதில் ஒன்றுக்குப் பதில் போடத் தொடங்குவோம், ஓடிபி காலாவதியாகிவிடும், மறுபடி அனுப்பச் சொல்லுவோம். ஓடிபியைப் பேச்சிலேயே வாங்குவதுதான் இதற்கு வழி. தாக்கல் செய்வதற்கு முன்பே கூப்பிட்டு, லைனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்:

"அண்ணாச்சி, உங்க கடை மே மாச ரிட்டர்ன் இப்ப போடுதேன். டாக்ஸ் நேத்தே கட்டியாச்சு. இப்ப ஒரு ஓடிபி வரும், வாசிச்சுச் சொல்லுங்க. லைன்லயே இருங்க."

எந்த மாதம், எதற்காக என்பதை முதலில் சொல்லிவிட்டு ஓடிபி கேட்பது நல்ல பழக்கம். இல்லாவிட்டால் யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லிவிடும் வழக்கத்துக்கு நாமே ஆளைப் பழக்குகிறோம்.

இப்போது போனின் `Do Not Disturb` அமைப்புக்குப் போங்கள். பில்களை ஏற்றும் நேரங்களில் அது ஓடட்டும். `Calls` பகுதியில் உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் அனுமதியுங்கள். அங்கேயே `Repeat callers` என்று ஒன்று இருக்கும். அதை இயக்கி வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். சோதனைச் சாவடியில் மாட்டிய டிரைவர் தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டாலும் இந்த வழியாக உள்ளே வந்துவிடுவார்.

நான்காம் படி: எழுத்தின் வாயை அடைத்தல்

இது ஒரு மத்தியான வேலை. வாட்ஸ்அப்பில் `Settings`, `Notifications` போனால் தனி மெசேஜுக்கும் குரூப்புக்கும் தனித்தனி ஒலி இருக்கும். இரண்டையும் `None` ஆக்கி, அதிர்வையும் அணைத்து, திரையின் மேலே வந்து எட்டிப் பார்க்கும் `High priority notifications` என்பதையும் எடுத்துவிடுங்கள். குடும்பம், கொடை, பள்ளி குரூப்புகளை `Archive` செய்யுங்கள். அப்போதும் யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்கள் மெசேஜுக்குப் பதில் போட்டாலோ தெரியவரும் என்பதால், கொடை வரி பாக்கி என்று உங்களைப் பெயர் சொல்லிக் கேட்டால் தப்பிக்க முடியாது. புதுக் குரூப்பில் ஆள் ஆளுக்கு இழுத்துப் போடாமலிருக்க `Privacy`, `Groups` போய் `My contacts` என்று வையுங்கள்.

சத்தம் நின்றாலும் செயலியின் மேல் நிற்கும் எண்ணிக்கை நிற்காது. அதுவும் ஒரு மணிதான், கண்ணுக்கு அடிக்கும் மணி. செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, தகவல் பக்கத்தின் அறிவிப்புப் பகுதியில் அந்தப் புள்ளியை அணைக்கலாம். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் பிரவுசர் தலைப்பிலேயே எண்ணிக்கை ஏறிக்கொண்டு போகும், ஓரக்கண் அங்கேயே இருக்கும். அதில் வேலை இல்லாத நேரத்தில் அந்த டேபை மூடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜிமெயிலில் கணக்கின் `Notifications` என்பதை `None` ஆக்குங்கள். நம் தொழிலில் பல வாடிக்கையாளர்களின் பதிவுக்கும் அலுவலக மெயிலையே கொடுத்திருப்போம். போர்ட்டல் அனுப்பும் ஒப்புதல்கள், நினைவூட்டல்கள் எல்லாம் ஒரே பெட்டியில் குவியும். கம்ப்யூட்டரில் தேடும் இடத்தில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
from:gst.gov.in (notice OR order)
```

வருவது சரிதானா என்று நாலைந்து மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, அதே தேடலை வடிகட்டியாக்கி 'நோட்டீஸ்' என்று லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். ஆனால் மெயிலை மட்டும் நம்பாதீர்கள். வாரம் ஒரு நாள் போர்ட்டலிலேயே `View Notices and Orders`, `View Additional Notices/Orders` இரண்டையும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் திறந்து பார்ப்பதுதான் உண்மையான காவல். நோட்டீஸ் வந்ததே தெரியாமல் தேதி போனவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கம் இருப்பதே தெரிந்திருக்காது.

எஸ்எம்எஸ் விஷயம் சுருக்கம். அனுப்புநர் பெயரின் முடிவில் `-P` இருந்தால் விளம்பரம். `START 0` என்று 1909-க்கு அனுப்பினால் விளம்பரங்கள் தடைப்படும். பேங்க், ஓடிபி மெசேஜ்கள் வழக்கம்போல வரும்.

ஐந்தாம் படி: மூன்று வேளை, ஒரு நோட்டு

மணியை அணைத்துவிட்டு அத்தோடு நிறுத்தினால் பயம்தான் கூடும். இதற்கும் சான்று உண்டு. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களிடம் நடந்தது. அறிவிப்புகளை நாளுக்கு மூன்று தடவையாகச் சேர்த்துக் கொடுத்தபோது கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அறிவிப்பே இல்லாமல் செய்தவர்களுக்கு, எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. ஆகவே பார்ப்பதற்கு என்று நேரம் வேண்டும்.

நம் பக்கத்துக் கடைகளின் ஓட்டத்துக்கு 11:30, 3:00, 5:30 பொருந்தும். கடை திறந்து முந்தின நாள் கணக்கை அனுப்பும் காலை வேகம் பதினொன்றரைக்குள் அடங்கிவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்காரர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு, கேட்டதற்குப் பதில் கிடைக்கும். ஐந்தரைக்குப் பார்ப்பது, மறுநாளுக்கு என்ன என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக.

பார்க்கும் அரை மணி நேரத்தில் வேலை செய்யக் கூடாது. பிரித்து வைப்பது மட்டும்தான். ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். முடியாததை நோட்டில் ஏற்றுங்கள். எக்செல் வேண்டாம், கோடு போட்ட நீள நோட்டு போதும். கம்ப்யூட்டர் திரையில் அது இன்னொரு டேபாகிவிடும். ஐந்து பத்தி: வந்த தேதி, யார், என்ன, என்றைக்குள், முடிந்தது. ஒரு பக்கத்தைப் பார்த்தால் இப்படி இருக்கும்:

5 / வள்ளியூர் ஹார்டுவேர் / விற்பனை பில் படம், 12-வது பில் மங்கல், மறுபடி கேட்க / 7 / —
5 / மேலப்பாளையம் ஜவுளி / டாக்ஸ் எவ்வளவு, 2பி வந்த பிறகு சொல்ல / 16 / —
6 / அம்பை அரிசி / லோனுக்கு பேலன்ஸ் ஷீட் கேட்கிறார், மேனேஜர் எப்போது கேட்டார் என விசாரிக்க / 6 / முடிந்தது

இரண்டாவது வரியைப் பாருங்கள். ஜவுளிக்கடைத் தம்பி 5-ஆம் தேதி கேட்டதற்கு 14-ஆம் தேதிக்கு முன்னால் சரியான பதிலே கிடையாது. கொள்முதல் வரி எவ்வளவு கழியும் என்பது 2பி வந்தால்தான் தெரியும். நோட்டு இல்லாதபோது அந்தக் கேள்வி பத்து நாளும் பதில் போடாத மெசேஜாக நின்று உறுத்தும். நோட்டில் 16 என்று எழுதியதும் அது 16-ஆம் தேதி வேலையாகிவிடுகிறது. பின்தங்கிவிட்டோம் என்ற உணர்ச்சியில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்: இன்னும் நேரமே வராத வேலைகள், பாக்கி மாதிரி வேஷம் போட்டு நிற்கின்றன.

அதே தேதியை அவருக்கும் சொல்லிவிடுங்கள். "பாத்துட்டேன் தம்பி. 2பி வந்ததும் 16-ஆம் தேதி தொகை சொல்லுதேன்." தேதி இல்லாமல் "சரி" என்றோ கட்டைவிரலோ போட்டால், இரண்டு நாளில் "அக்கா, பாத்தாச்சா?" வரும். அந்த "பாத்தாச்சா"க்கள்தான் நமக்கு வரும் மெசேஜில் பாதி. பதில் தெரியாததால் கேட்கிறார்கள். தேதி தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. கேட்பதை நிறுத்தாத அண்ணாச்சிகள் ஒன்றிரண்டு பேர் எங்கும் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: ஆட்களிடம் சொல்வது

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் `Away message` போடலாம். "பதினொன்றரை, மூன்று, ஐந்தரை மணிக்கு மெசேஜ் பார்ப்போம். அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்ற அளவு போதும். ஆனால் பலரும் அதை வாசிக்க மாட்டார்கள். அடுத்த முறை பேசும்போது வாயால் சொன்னால்தான் பதியும்: "அண்ணாச்சி, அவசரம்னா மெசேஜ் போடாதிங்க, ஒரு போன் அடிச்சிருங்க. நான் எடுத்துருவேன்." எடுப்பேன் என்ற சொல்லை ஒருமுறை மீறினாலும் எல்லாம் பழையபடி வாட்ஸ்அப்புக்கே திரும்பும்.

வெளியாட்களைவிடக் கடினம் பக்கத்து மேஜையில் இருக்கும் முதலாளி. மூன்றடி தூரத்திலிருந்து அவரே மெசேஜ் போட்டால் இந்த ஏற்பாடு நிற்காது. அவரிடம் நேரம் கேட்கும்போது கவனச் சிதறல் என்று பேசாமல், போன மாதம் ஆள் மாறி ஏறிய பில்லைக் காட்டிப் பேசுங்கள். பத்திலிருந்து பதினொன்றரை வரை பில் ஏற்றும் நேரம், அதில் கூப்பிட வேண்டாம் என்றால் அது அவருக்கும் புரியும்.

சரியாகப் போகிறதா என்று பார்ப்பது

இரண்டு வாரம் போகட்டும். முதல் நாள் எழுதி வைத்த தாளை எடுத்து, இரண்டு எண்ணையும் இப்போதையதோடு ஒப்பிடுங்கள்.

அறிவிப்பும் குறைந்து, போனைத் திறப்பதும் குறைந்திருந்தால் நல்லது. அறிவிப்பு குறைந்தும் திறப்பது குறையாமலிருந்தால், சத்தம் போனாலும் சந்தேகம் போகவில்லை. இதற்குக் காரணம் அநேகமாக நோட்டில் இருக்கும்: சிலவற்றை எழுதுகிறீர்கள், சிலவற்றை வாட்ஸ்அப்பிலேயே நட்சத்திரம் போட்டு விடுகிறீர்கள், இரண்டு இடத்தில் இருப்பதால் மனம் எதையும் நம்பவில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்று விடாமல் நோட்டில் ஏற்றிப் பாருங்கள். அழைப்புகள் திடீரென்று கூடியிருந்தால், பதிலில் தேதி சொல்லாமல் விடுகிறீர்கள் என்று அர்த்தம். "என்றைக்குள்" பத்தியில் தேதி தாண்டிய வரிகள் வாரா வாரம் கூடிக்கொண்டே போனால், அப்போது மட்டும்தான் நீங்கள் உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறீர்கள். அதை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. ஆள் சேர்க்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கணக்கை விட வேண்டும்.

கடைசித் தேதி நாட்களில்

மாதம் முழுக்க ஒரே ஒழுங்கு ஓடாது. 10, 11 தேதிகளிலும் 18 முதல் 20 வரையும் மூன்று வேளை போதாது. மணிக்கு ஒருமுறை, கடிகாரத்தின் முதல் பத்து நிமிடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலாண்டு ரிட்டர்ன் போடுபவர்கள் அதிகம் இருந்தால், தமிழ்நாட்டுக்கு வரி கட்டும் ரிட்டர்னான 3பி 22-ஆம் தேதி என்பதால் காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தில் இன்னும் இரண்டு நாள் நீளும். ஓடிபியைப் பேச்சில் வாங்குவதை மட்டும் அந்த நாட்களிலும் விடாதீர்கள், நெரிசலில்தான் அது அதிகம் தேவை. நோட்டில் அந்த நாட்களின் பக்க ஓரத்தில் 'மணிக்கு ஒருமுறை' என்றும், 21 அல்லது 23-ஆம் தேதிக்கு நேராக 'பழையபடி மூன்று வேளை' என்றும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவசர காலத்து வழக்கம் மாதக் கடைசி வரை இழுத்துக்கொண்டே போகும்.